திருமணம், பிறந்தநாள், புதுமனை புகுவிழா, அலுவலக விருந்து: சைவச் சமையல், பந்தி மற்றும் பஃபே, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தெந்த விசேஷங்களுக்குச் சமைத்துத் தருவீர்கள்?

திருமணம், வரவேற்பு, நிச்சயதார்த்தம், பிறந்தநாள், புதுமனை புகுவிழா, அலுவலக விருந்து, பள்ளி கல்லூரி விழாக்கள் எல்லாவற்றுக்கும் சமைக்கிறோம். 50 பேருக்குக் குறைவான வீட்டு விசேஷம் என்றாலும் தயங்காமல் கேளுங்கள்.

என்ன விசேஷம் என்று தெரிந்ததும் நாங்கள் அடுத்துக் கேட்பது, எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவார்களா, வரவர உட்கார்வார்களா என்பதைத்தான். அலுவலக விருந்தில் ஒரு கூட்டம் முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். வரவேற்பில் 7 மணிக்கு ஒரு கூட்டம், 9 மணிக்கு இன்னொரு கூட்டம். புதுமனை புகுவிழாவில் காலையில் தொடங்கி மதியம் வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். தலைக்கணக்கு ஒன்றாகவே இருந்தாலும், எத்தனை தடவையாகப் பிரித்துச் சமைப்பது, எத்தனை ஆள் பரிமாறுவது என்பதெல்லாம் இதை வைத்து மாறிவிடும்.

சைவம் மட்டும்தானா? மெனுவை நாங்களே போடலாமா?

சைவம் மட்டும்தான். மெனுவைத் தாராளமாக நீங்களே போடலாம். ஆனால் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றிரண்டை மாற்றச் சொல்வோம். ருசியில் குறை என்பதால் சொல்வதில்லை. சில பதார்த்தங்கள் பயணத்தைத் தாங்காது.

சோறு அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். முழுப் பதத்தில் இறக்கி உடனே மூடினால், மண்டபம் போய்ச் சேர்வதற்குள் குழைந்துவிடும். அதனால் வெளியூர்ப் பந்திக்கு ஒரு பிடி முன்னதாகவே இறக்கி, அகலத் தட்டில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ஆவி போகவிட்டு, சூடு ஆறுவதற்குள் பெட்டியில் போட்டு மூடுவோம். பருப்பு சேர்ந்த குழம்பு நேரம் ஆக ஆக இறுகும். கிளம்பும்போது கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் இலையில் சரியாக விழும். தாளிப்பை மண்டபத்தில் கொட்டுவோம். வாசனை முழுதாக நிற்க வேறு வழி கிடையாது.

பொரித்த பண்டங்களை மூடி எடுத்து வரவே கூடாது. உள்ளே இருக்கும் ஆவி பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பைத் தின்றுவிடும். வடை, அப்பளம் மாதிரி எது கேட்டாலும் உங்கள் இடத்தில் ஓர் அடுப்பு வைக்க இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் அவற்றை விட்டுவிட்டு இன்னொரு பொரியலோ இனிப்போ வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வோம். தேங்காய் அரைத்துவிட்டது எதுவானாலும் வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துப்போகும். அதைச் சிறு சிறு பாத்திரங்களாகக் குளிர்ச்சியாக எடுத்து வந்து, ஒவ்வொரு பந்திக்கும் ஒன்றாகத் திறப்போம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பதார்த்தங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் விருந்து சிறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 20 வகை வைத்தால் விருந்தினர் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துவிட்டுப் பாதியை அப்படியே வைத்துவிடுவார். 10, 12 வகை சூடாகவும் பதமாகவும் இருந்து, கேட்டால் இரண்டாம் தடவையும் கிடைத்தால் அதுவே நல்ல பந்தி.

எவ்வளவு தூரம் வரை வருவீர்கள்?

எங்கள் சமையற்கூடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம் வரை சமைத்து எடுத்து வருவோம். அதற்கு மேல் என்றால் உங்கள் இடத்திலேயே வந்து சமைப்போம்.

கிலோமீட்டராகச் சொல்லாமல் நேரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காலியான சாலையில் 50 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். மாலை நெரிசலில் 15 கிலோமீட்டருக்கே அந்த நேரம் ஆகிவிடும். சாப்பாட்டுக்குத் தூரம் தெரியாது, நேரம்தான் தெரியும். சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே எவ்வளவு தூரம் வருவோம் என்பதை, எவ்வளவு நேரம் அந்த 60 டிகிரியையும் பதத்தையும் சேர்த்துக் காப்பாற்ற முடியும் என்பதுதான் தீர்மானிக்கிறது.

சூட்டை மட்டும் காப்பாற்றுவது அவ்வளவு கடினம் இல்லை. சூடு தாங்கும் பெட்டியை முதலில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டு, 85 டிகிரிக்கு மேல் இருக்கும் உணவை விளிம்பு வரை நிரப்பினால் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பாதி மட்டும் நிரப்பிய பெட்டி அதைவிட வேகமாக ஆறும். அதனால் ஒரு பெரிய பெட்டியில் பாதி எடுப்பதைவிட ஒரு சின்னப் பெட்டியை முழுதாக நிரப்புவோம். சூடு நின்றாலும் பதம் அவ்வளவு நேரம் நிற்காது என்பதுதான் சிக்கல். மூன்று மணி நேரத்துக்கு மேல் பெட்டியில் இருந்த சோறு பாதுகாப்பாகவே இருக்கும், ஆனால் சாப்பிடுபவர் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

மண்டபத்திலேயே சமைத்துத் தர முடியுமா?

முடியும். முன்கூட்டியே ஒரு தடவை இடத்தை வந்து பார்ப்போம். மூன்று விஷயம் வேண்டும்: கழுவவும் சமைக்கவும் நிற்காமல் வரும் நல்ல தண்ணீர், காற்றோட்டமுள்ள சமையல் இடம், கழிவுநீர் வடிய வழி. கூடாரத்துக்குள் சிலிண்டர் அடுப்பு வைக்கச் சொன்னால் மறுத்துவிடுவோம். பொரிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் துணியும் கூட்டமும் இருக்கக் கூடாது. சமையல் இடம் பந்தியிலிருந்து எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் பார்ப்போம். கொதிக்கும் அண்டாவை மாடிக்குத் தூக்குவது ஆபத்தான வேலை.

350 பேரை அழைத்திருக்கிறோம். எத்தனை பேருக்கு ஆர்டர் கொடுப்பது?

அழைத்த எண்ணிக்கையை அப்படியே கொடுக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கால்வாசியைக் கழிக்கவும் வேண்டாம். அழைப்புப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: கட்டாயம் வருவார், அநேகமாக வருவார், சந்தேகம். முதல் வகையை முழுதாகவும், இரண்டாவதில் முக்கால் பங்கும், மூன்றாவதில் கால் பங்கும் எடுங்கள். உங்கள் 350 பேரில் 220 பேர் கட்டாயம், 90 பேர் அநேகமாக, 40 பேர் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். 220, 68, 10 என்று சேர்த்தால் 298 வருகிறது. 300 என்று ஆர்டர் கொடுங்கள்.

அந்த 300 பேரில் 40 பேர் சிறு குழந்தைகள் என்றால் கணக்கு இப்படிப் போகும். பல வகைப் பதார்த்தங்கள் உள்ள விருந்தில் பெரியவர் ஒருவருக்கு 120 கிராம் அரிசி போதும், குழந்தைக்குப் பாதி. 260 பேருக்கு 31.2 கிலோ, 40 குழந்தைகளுக்கு 2.4 கிலோ, ஆக 34 கிலோ அரிசி. வெந்தால் ஏறக்குறைய 90 கிலோ சோறு. குழம்பு தலைக்கு 125 மில்லி, குழந்தைகளை இருவருக்கு ஒருவராகக் கணக்கிட்டால் 280 பேர், 35 லிட்டர். பொரியல் தலைக்கு 70 கிராம் என்றால் 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காயை அரிந்தால் தோலும் காம்பும் கழியும், வெந்தால் சுருங்கும். ஆகவே வாங்குவது 27, 28 கிலோவாவது இருக்க வேண்டும். கீரை வகை என்றால் இந்தக் கணக்கு செல்லாது, இன்னும் நிறைய வாங்க வேண்டியிருக்கும்.

மெனுவில் சோறு ஒன்றே பிரதானம், மற்றவை குறைவு என்றால் தலைக்கு 150 கிராம் வரை போகும். மதிய விருந்தில் இரவை விடச் சோறு அதிகம் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சொன்னதைவிட அதிகம் பேர் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

கூடுதலாக 3 அல்லது 4 கிலோ அரிசியை வேகவைக்காமல் அப்படியே எடுத்து வருவோம். கூடவே வேகவைத்த பருப்பு ஒரு பாத்திரம், காய்ச்சிய குழம்புக் கூட்டு ஒரு பாத்திரம். இரண்டாம் பந்தி உட்காரும்போதே எங்கள் ஆள் வாசலில் நின்று தலை எண்ணிவிடுவார். கூட்டம் கூடுகிறது என்று தெரிந்த அடுத்த நிமிடம் உலை வைத்துவிடலாம், அரை மணி நேரத்தில் சோறு வரும். கூட்டம் கூடவில்லை என்றால் அரிசி அரிசியாகவே வீட்டுக்குத் திரும்பும், எதுவும் வீணாகாது.

குழம்பில் வெந்நீர் ஊற்றிப் பெருக்கும் வேலையை மட்டும் செய்ய மாட்டோம். கடைசிப் பந்தியில் உட்கார்பவர்கள் பெரும்பாலும் உங்கள் வீட்டு ஆட்களும், காலையிலிருந்து ஓடியாடியவர்களும்தான். அவர்களுக்கும் முதல் பந்தி ருசியே கிடைக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு சுமார் 10 சதவீதம் வரை தாங்கும். 50, 60 பேர் கூடுவார்கள் என்று காலையிலேயே தோன்றினால் உடனே போன் செய்துவிடுங்கள்.

பந்தி நல்லதா, பஃபே நல்லதா?

பெரியவர்கள் அதிகம் வரும் விசேஷத்துக்குப் பந்திதான். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பது முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் சிரமம். அலுவலக விருந்துக்கு, பேசிக்கொண்டே நகர்ந்து சாப்பிடும் கூட்டத்துக்குப் பஃபே பொருந்தும்.

பந்திக்கு 12 முதல் 15 பேருக்கு ஒரு பரிமாறுபவர் வேண்டும். 100 பேர் உட்காரும் பந்தி ஒன்று, துடைத்து அடுத்ததற்குத் தயாராக்குவது வரை 45 நிமிடம் எடுக்கும். பஃபேயில் ஒருவர் பின் ஒருவராக 15 விநாடி இடைவெளியில் நகர்ந்தால் 100 பேருக்கு 25 நிமிடம். மேசையைச் சுவரோரம் போடாமல் நடுவில் போட்டு இரண்டு பக்கமும் எடுக்கவிட்டால் அதில் பாதி. வரிசை நீள்வது பெரும்பாலும் ஆள் அதிகம் என்பதால் இல்லை, மேசையைச் சுவரோரம் போட்டதால்தான். தட்டு ஒரு முனையில், தண்ணீர் வேறொரு மேசையில் என்று பிரித்து வைத்தாலே பாதி நெரிசல் தீரும்.

பஃபே மேசையில் சின்ன விளக்கின் மேல் வைக்கும் பாத்திரங்கள் சூட்டைக் காக்கும், சூடாக்காது. ஆறிய குழம்பை அதில் ஊற்றினால் சூடாவதற்குள் விருந்தே முடிந்துவிடும். அதனால் எப்போதும் சூடான உணவைச் சிறு அளவில் வைத்து, தீரத் தீர முழுப் பாத்திரத்தையே மாற்றுவோம். பழையதன் மேல் புதியதைக் கொட்ட மாட்டோம்.

7.30க்குத்தான் சாப்பாடு. ஆனால் பதற்றம் இல்லாமல் இருக்க 4 மணிக்கே எல்லாவற்றையும் இறக்கிவிடுங்களேன்?

மேசை, பாத்திரம், தண்ணீர், பரிமாறும் ஆட்கள் எல்லாம் 4 மணிக்கே வந்துவிடுவார்கள், சமைத்த சாப்பாடு வராது. மேலே சொன்ன அதே 300 பேர் வரவேற்பை எடுத்துக்கொள்வோம். மண்டபம் 50 நிமிடத் தூரத்தில் இருக்கிறது. 100 பேர் வீதம் மூன்று பந்தி: 7.30, 8.15, 9.00.

காய் அரிவது மதியமே தொடங்கும். குழம்பு 4.30க்கு முடிந்து கொதியோடு பெட்டிக்குப் போகும். பொரியல் 5 மணிக்கு. சோறு கடைசியாக 5.15க்கு இறங்கும். முதல் இரண்டு பந்திக்கான 23 கிலோ அரிசிச் சோறு மட்டும்தான் கூடத்தில் வேகும். வண்டி 5.30க்குக் கிளம்பி, நெரிசலுக்கு 20 நிமிடம் கூட்டி வைத்தாலும் 6.40க்குள் வந்துவிடும். பெட்டிகளைத் திறக்காமலே வரிசைப்படுத்தி, தாளித்து, 7.15க்கு ஒவ்வொன்றின் நடுவிலும் வெப்பமானியைச் செருகிப் பார்ப்போம். ஓரத்தில் பார்த்தால் தப்பான அளவு காட்டும். ஏதாவது 60க்குக் கீழே இறங்கியிருந்தால் அது பந்திக்குப் போகாது. முதலில் அடுப்புக்குப் போய் 75 டிகிரிக்கு மேல் சூடாகும்.

மூன்றாம் பந்திக்கான 11 கிலோ அரிசி உங்கள் மண்டபத்திலேயே 8.15க்கு உலையில் விழும். 8.50க்குப் பதமாக இறங்கும். 9 மணிப் பந்திக்கு வருபவர் 5.15க்கு வடித்த சோற்றைச் சாப்பிட வேண்டியதில்லை.

4 மணிக்கே எல்லாம் இறங்க வேண்டுமானால் சோறு இரண்டரை மணிக்கு வெந்திருக்க வேண்டும். கடைசிப் பந்திக்கு அது ஆறரை மணி நேரப் பழசு. நடுவில் யாராவது பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தால் சூடும் போய்விடும். பதற்றம் புரிகிறது. வண்டி கிளம்பியதும் போன் செய்வோம், பாதி வழியில் ஒரு தடவை செய்வோம். அப்படியே வண்டி பழுதானாலும் மாற்று வண்டி கூடத்தில் நிற்கும்.

மீதமான சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. பெட்டியிலேயே 60 டிகிரிக்கு மேல் இருந்ததை எடுக்கலாம். பரிமாறும் வாளியில், பஃபே மேசையில் கிடந்தது எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகலாம். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் என்றால் அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும், எடுத்துவைக்கக் கூடாது. நான்கைத் தாண்டியது கீழேதான் போக வேண்டும்.

சோற்றில்தான் எல்லோரும் கவனக்குறைவாக இருக்கிறார்கள். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோறு மெதுவாக ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே "நாளைக்குச் சூடு பண்ணிக்கலாம்" என்று அண்டாவோடு சோற்றை மூடி வைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஓர் அண்டாவின் நடுப்பகுதி விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும்.

மீதம் வந்தால் நாங்களே அதை இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத அகலத் தட்டுகளில் பரப்பி, சூடு தணிந்ததும் சிறு டப்பாக்களில் போட்டுத் தருகிறோம். வீட்டுக்குப் போனதும் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி அன்றே முடித்துவிடுங்கள். ஆதரவற்றோர் இல்லத்துக்கோ வேறு எங்கோ கொடுக்க நினைத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பந்திக்குப் போகாத பெட்டியை மட்டும் தனியே எடுத்து, நள்ளிரவாகும் முன் சேர்க்க வேண்டும். வாங்குபவரும் தயாராக இருக்க வேண்டும்.

ஒருவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறது. சொல்ல வேண்டுமா?

ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். அந்தப் பருப்பைச் சமையலிலிருந்தே நீக்கிவிடுவோம், எண்ணெயையும் மாற்றுவோம். ஆனால் எங்கள் கூடத்தில் மற்ற நாட்களில் அது புழங்குகிறது, ஆகவே துளியும் இருக்காது என்று உறுதி தர மாட்டோம். கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு வீட்டிலிருந்தே சாப்பாடு கொண்டு வருவது நல்லது. அவருக்குத் தனி இடத்தில் முதலில் பரிமாறிவிடுவோம்.

எப்போது முன்பணம் கட்ட வேண்டும்? எண்ணிக்கையை எப்போது உறுதி செய்ய வேண்டும்?

தேதியை எங்கள் ஏட்டில் எழுத முன்பணம் வேண்டும். மெனு 10 நாள் முன்பு முடிவானால் போதும். எண்ணிக்கையை மூன்று நாள் முன்பு வரை கூட்டலாம், குறைக்கலாம். மளிகை அதற்குப் பிறகுதான் வாங்குவோம். கடைசி நாளில் குறைத்தால் காய்க்கும் பாலுக்கும் போட்ட பணம் திரும்பாது, அதைக் கழித்துக்கொண்டுதான் கணக்கு முடிப்போம்.

விலை கேட்கும்போது தலைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், எங்களிடமானாலும் வேறு யாரிடமானாலும். பரிமாறும் ஆட்கள், தண்ணீர், இலை அல்லது தட்டு, வண்டி, பாத்திரம் கழுவுவது, குழந்தைகளுக்குப் பாதியா முழுதா, கூடுதலாக வருபவருக்கு என்ன விலை என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பந்தி எண்ணும்போது உங்கள் தரப்பில் ஒருவர் எங்கள் ஆளோடு நிற்கட்டும். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் இருவரும் அதே தாளில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கணக்கு முடிக்கும்போது வாக்குவாதம் வராது.